கார்ட்டை விட்டுப் போனவருக்கு எத்தனை மெயில், எவ்வளவு இடைவெளியில்?

லேஸ்கட்டு · மார்ச் 3, காலை 10:12

ஓடுவதற்கான ஷூ விற்கும் சின்ன இணையக் கடை எங்களுடையது. கார்ட்டில் போட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களுக்கு இப்போது ஐந்து மெயில் போகிறது. 30 நிமிடத்தில் முதலாவது, 6 மணி நேரத்தில் இரண்டாவது, பிறகு 24, 48, 72 மணியில். தலைப்புகள் வரிசையாக: "எதையோ மறந்துவிட்டீர்கள்!", "உங்கள் ஷூ காத்திருக்கிறது", "இன்னுமா யோசனை?", "கார்ட் காலாவதியாகப் போகிறது", "கடைசி வாய்ப்பு, 10% தள்ளுபடி".

போன வாரம் ஒருவர் பதில் போட்டிருந்தார்: "மறக்கவில்லை. யோசிக்கிறேன். கொஞ்சம் விடுங்கள்." அதிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. ஐந்தை மூன்றாக்கினால் போதும் என்கிறேன் நான். கூட்டாளி ஒத்துக்கொள்ளவில்லை. ரிப்போர்ட்டில் ஐந்தாவது மெயில்தான் அதிகம் விற்றதாகக் காட்டுகிறது, அதில் கை வைக்காதே என்கிறார். மூன்று போதுமா, போதாதா?

(காலாவதி சமாசாரம் சும்மா. எங்கள் கார்ட் காலாவதியே ஆவதில்லை.)

வளர்ச்சிவேந்தன் · மார்ச் 3, காலை 10:40

மூன்றுதான் கணக்கு. 1 மணி, 24 மணி, 72 மணி. எல்லாரும் இப்படித்தான் வைக்கிறார்கள். தள்ளுபடியை மூன்றாவதில் வையுங்கள், தலைப்பை மாற்றி மாற்றிப் பாருங்கள், ஓப்பன் ரேட் எதில் ஏறுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தது.

தபால்பெட்டி · மார்ச் 3, மதியம் 1:25

முடியவில்லை வேந்தன். எத்தனை என்பது கடைசியாகக் கேட்க வேண்டியது.

லேஸ்கட்டு, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். போன மாதம் கார்ட்டை விட்டுப் போன ஒரே ஒருவரின் முகவரியை எடுத்து, அதற்கு உங்கள் கடையிலிருந்து போன எல்லா மெயிலையும் நேர வரிசையில் எழுதுங்கள். கார்ட் நினைவூட்டல் மட்டும் போதாது. வாராந்திர மெயில், "நீங்கள் பார்த்த பொருள்" மெயில், எல்லாம் சேர்த்து. மெயில் அனுப்பும் கருவியின் படத்தில் ஐந்து பெட்டி இருக்கும். ஆளுக்குப் போய்ச் சேருவது ஐந்தாக இருக்காது.

அடுத்தது, அவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். கார்ட்டில் போட்டதோடு போனவர் ஒரு ரகம். செக்-அவுட்டில் டெலிவரி கட்டணத்தைப் பார்த்ததும் போனவர் இன்னொரு ரகம். பணம் கட்டப் போய் கட்டணம் தோற்றுப்போனவர் மூன்றாவது. மூவருக்கும் "எதையோ மறந்துவிட்டீர்கள்" என்று எழுதினால், ஒருவருக்குக்கூட அது உண்மையில்லை. கார்டு தோற்றுப்போனவர் அதை முகத்தில் அடித்தது போல எடுத்துக்கொள்வார். அவருக்கு வேண்டியது ஒரு வரி: பணம் எடுக்கப்படவில்லை, ஆர்டர் பதிவாகவில்லை, வேறு வழியில் கட்ட இதோ இணைப்பு. அது பத்து நிமிடத்தில் போனாலும் தொந்தரவாகத் தெரியாது. முதல் ரகத்தவருக்கு அதே பத்து நிமிடத்தில் போனால், யாரோ தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

சும்மாபார்க்கிறேன் · மார்ச் 3, மாலை 6:02

நான் கடைக்காரன் இல்லை, வாங்குகிறவன். இந்த மெயில்களை எப்படி நிறுத்துவது என்று தேடி வந்தேன், இங்கே அதை எப்படி அனுப்புவது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள்!

என் பழக்கம் இது. மூன்று கடையில் ஒரே மாதிரிப் பொருளைக் கார்ட்டில் போடுவேன். டெலிவரியோடு மொத்தம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். பிறகு சம்பளம் வந்ததும் ஒன்றை எடுப்பேன். ஒரு கடை சம்பளத்துக்கு முந்தைய வாரம் முழுக்கத் துரத்தியது. ஸ்பேம் என்று அழுத்திவிட்டு வேறு கடையில் வாங்கினேன். நிறுத்தும் இணைப்பு அடியில் எங்கேயோ பொடி எழுத்தில் இருந்திருக்கும். ஸ்பேம் பொத்தான் மேலேயே இருந்தது.

தபால்பெட்டி · மார்ச் 3, இரவு 9:15

மேலே சொன்னவர் தெரியாமலே முக்கியமானதைச் சொல்லிவிட்டார். அவருக்கு கார்ட் என்பது கணக்குப் போடும் இடம், குறித்து வைக்கும் இடம். இணையக் கடைகளை ஆராயும் பேமார்ட் நிறுவனம் பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட சராசரியில் கார்ட்டுகளில் 70% அளவு வாங்கப்படாமலே போகின்றன. அதில் பெரிய பங்கு அப்போதைக்கு வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள். "70% நஷ்டம், மீட்க வேண்டும்" என்று கிளம்பினால் ஐந்து மெயில் வராமல் என்ன செய்யும்?

ஸ்பேம் பொத்தானையும் கவனியுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் ஸ்பேம் புகார் 0.3%-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. ஆயிரத்துக்கு மூன்று பேர். கார்ட் மெயிலில் எரிச்சலடைந்தவர் அழுத்தினால், நாளை உங்கள் ஆர்டர் ரசீதும் யாருடைய இன்பாக்ஸுக்கும் போகாமல் தவிக்கும். இரண்டும் ஒரே டொமைனிலிருந்துதானே போகிறது?

லேஸ்கட்டு · மார்ச் 5, காலை 8:50

ஒரே டொமைன்தான். 🙁

ஒரு முகவரியை எடுத்து எழுதினேன். ஒரு வாரத்தில் பதினொரு மெயில். காரணம் எளிமையானது, அதுதான் கோபம் வருகிறது. அவர் திங்களன்று அளவு 8 போட்டார். செவ்வாய் திரும்பி வந்து 8-ஐ எடுத்துவிட்டு 9 போட்டார். கருவி அதைப் புதுக் கார்ட் என்று எடுத்துக்கொண்டு தொடரை முதலிலிருந்து ஆரம்பித்தது. பழைய தொடரும் நிற்கவில்லை. வியாழன் காலை ஒரே நேரத்தில் "கார்ட் காலாவதியாகப் போகிறது" என்று ஒன்று, "இன்னுமா யோசனை?" என்று ஒன்று. நடுவில் வாராந்திர மெயில் வேறு.

அந்த மனிதர் தன் அளவு 8-ஆ 9-ஆ என்று மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தார். பதினொரு மெயிலில் ஒன்றுகூட அளவைப் பற்றிப் பேசவில்லை.

வளர்ச்சிவேந்தன் · மார்ச் 5, காலை 9:05

அது கருவியின் அமைப்பு. மறுநுழைவை அணைத்தால் சரியாகிவிடும். மூன்று மெயில் கணக்கில் தப்பில்லை.

தபால்பெட்டி · மார்ச் 5, காலை 11:30

பாதி சரி. மறுநுழைவுக்குத் தடை வேண்டும்தான். ஆனால் முழுக்க அணைத்தால், ஆறு மாதம் கழித்து உண்மையாகவே புதிதாக வருகிறவருக்கும் எதுவும் போகாது. ஒரு முகவரிக்கு ஒரு தொடர், அது முடிந்து 14 நாள்வரை புதுத் தொடர் கிடையாது, நடுவில் கார்ட் மாறினால் அடுத்த மெயிலில் உள்ள பொருள் மட்டும் மாறும். நான் இப்படி வைப்பேன். 14 என்பது ஷூவுக்கு. தினமும் தீர்கிற பொருளுக்கு வேறாக இருக்கும்.

இன்னும் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, நிபந்தனையை எப்போது பார்க்கிறது என்பது. பல அமைப்புகளில் தொடருக்குள் நுழையும்போது மட்டும் "வாங்கவில்லை" என்று பார்த்துவிட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும். ஒவ்வொரு மெயிலும் கிளம்பும் நொடிக்கு முன் மறுபடி பார்க்க வேண்டும்: வாங்கிவிட்டாரா, கார்ட்டைக் காலி செய்துவிட்டாரா, அந்த அளவு கையிருப்பில் இருக்கிறதா, உதவிக் குழுவிடம் ஏதாவது கேட்டு பதிலுக்குக் காத்திருக்கிறாரா. கடைசியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கேள்வி கேட்டு இரண்டு நாள் பதில் வராதவருக்கு "இன்னுமா யோசனை?" போனால் எப்படி இருக்கும்!

இரண்டாவது, இரவு நேரத் தடை. லேஸ்கட்டு, இரவு 9 முதல் காலை 9 வரை அனுப்புவதில்லை என்று வைத்திருக்கிறீர்களா?

லேஸ்கட்டு · மார்ச் 5, காலை 11:48

ஆமாம். தூங்கும்போது தொந்தரவு வேண்டாமென்று நல்லெண்ணத்தில் வைத்தது.

தபால்பெட்டி · மார்ச் 5, மதியம் 12:10

அதே நல்லெண்ணம் என்ன செய்கிறது பாருங்கள். ஒருவர் இரவு 10 மணிக்குக் கார்ட்டை விட்டுப் போகிறார். முதல் மெயில் 10:30-க்கு, தடையில் நிற்கிறது. இரண்டாவது அதிகாலை 4 மணிக்கு, அதுவும் நிற்கிறது. காலை 9 அடித்ததும் இரண்டும் கைகோத்துக்கொண்டு கிளம்புகின்றன. ஒவ்வொரு மெயிலின் நேரத்தையும் கார்ட்டை விட்ட நொடியிலிருந்து எண்ணுவதால் வருவது இது. முந்தைய மெயில் உண்மையில் போன நேரத்திலிருந்து எண்ணச் சொல்லுங்கள். அப்போது முதலாவது தள்ளிப்போனால் இரண்டாவதும் தானாகத் தள்ளிப்போகும்.

பழையகணக்கு · மார்ச் 6, காலை 7:30

இடைவெளி எவ்வளவு என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே. 1-24-72 வேதமா?

தபால்பெட்டி · மார்ச் 6, காலை 10:00

வேதமில்லை. உங்கள் ஆர்டர்களிலேயே இருக்கிறது. செக்-அவுட் ஆரம்பித்த நேரத்துக்கும் பணம் கட்டிய நேரத்துக்கும் நடுவே எவ்வளவு என்று ஒவ்வொரு ஆர்டருக்கும் எடுங்கள். பெரும்பாலானவை சில நிமிடங்களில் முடிந்திருக்கும். பிறகு ஒரு வால்: கார்டு எடுக்கப் போனவர்கள், வீட்டில் கேட்டுவிட்டு வந்தவர்கள், போனில் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் வாங்கியவர்கள். தானாகத் திரும்புகிறவர்களின் வரவு எந்த மணியில் அடங்குகிறதோ அதற்குப் பிறகு முதல் மெயில். அதற்கு முன்னால் அனுப்பினால், வந்துகொண்டிருப்பவரை வா வா என்று கூப்பிடுகிறீர்கள்.

பழையகணக்கு · மார்ச் 6, காலை 10:22

ஒரு நிமிஷம். இவர் 30 நிமிடத்திலேயே மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பின் வந்தவர் தானாக வந்தாரா, மெயிலைப் பார்த்து வந்தாரா என்று அந்த ஆர்டர் பட்டியலிலிருந்து எப்படிப் பிரிப்பீர்கள்? வாலே மெயில் செய்த வாலாக இருக்கலாம்.

தபால்பெட்டி · மார்ச் 6, காலை 10:50

நல்ல பிடி. மெயில் இல்லாத ஒரு கூட்டம் வேண்டும். பத்தில் ஒருவரைக் குலுக்கல் போல எதேச்சையாக ஒதுக்கி, அவர்களுக்கு ஒன்றும் அனுப்பாமல் சில வாரம் விடுங்கள். வாலையும் அங்கே பார்க்கலாம், கூட்டாளியின் ஐந்தாவது மெயில் விவகாரத்தையும் அங்கேயே தீர்க்கலாம்.

எப்படி என்றால், பேச்சுக்கு ஒரு கணக்கு. மெயில் போன ஆயிரம் பேரில் 100 பேர் வாங்கினார்கள் என்று வைப்போம். கருவி 100-ஐயும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். மெயில் போகாத கூட்டத்தில் ஆயிரத்துக்கு 80 பேர் வாங்கியிருந்தால், மெயில் உண்மையில் கொண்டு வந்தது 20. மீதி 80 பேர் எப்படியும் வந்திருப்பார்கள். ஐந்தாவது மெயிலுக்கு இது இன்னும் மோசம். அதில் தள்ளுபடி இருக்கிறது. மூன்று நாள் கழித்து முழு விலைக்கே வாங்க வந்தவர் இன்பாக்ஸில் 10% கிடக்கிறதே என்று அதைச் சொடுக்குவார். நீங்கள் அவருக்குப் பணம் கொடுத்து, அதற்கு மெயில்தான் காரணம் என்று கைதட்டிக்கொள்கிறீர்கள்.

வளர்ச்சிவேந்தன் · மார்ச் 6, மதியம் 3:15

இதெல்லாம் பெரிய கடைகளுக்கு. ஓப்பன் ரேட்டைப் பார்த்தாலே எது பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். என்னுடையதில் அறுபதுக்கு மேல்.

தபால்பெட்டி · மார்ச் 6, மதியம் 3:40

அந்த அறுபதில் ஆப்பிள் எவ்வளவு? 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15-உடன் வந்த மெயில் தனியுரிமை வசதி, படங்களை ஆப்பிளின் சர்வர் வழியாக முன்கூட்டியே இறக்கிவிடும். ஆள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் உங்கள் கணக்கில் "திறந்தார்" என்றுதான் விழும். தலைப்புகளை அதை வைத்துத் தேர்ந்தெடுப்பது நம்ப முடியாத தராசு.

பெரிய கடை விஷயத்தில் வேந்தன் சொல்வது சரிதான். மாதத்துக்குச் சில நூறு கார்ட் என்றால் ஒதுக்கிய கூட்டம் முப்பது நாற்பது பேர். அதில் மூவர் வாங்கினாலும் ஐவர் வாங்கினாலும் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

லேஸ்கட்டு · மார்ச் 9, இரவு 8:30

இந்த மூன்று நாளில் திருத்தி எழுதியது. செக்-அவுட் வரை வந்து போனவருக்கு இது. முதல் மெயில் 4 மணி நேரம் கழித்து (வால் தெரியும்வரை குத்துமதிப்பு), இரண்டாவது அதிலிருந்து 2 நாள். அவ்வளவுதான். முதலாவது:

> தலைப்பு: நீங்கள் பார்த்த ஷூ, அளவு பற்றி ஒரு குறிப்பு
>
> வணக்கம். நீல நிறம், அளவு 9 உங்கள் கார்ட்டில் அப்படியே இருக்கிறது. அவசரம் இல்லை, நாங்கள் அதை அழிப்பதில்லை.
>
> இந்த மாடல் முன்பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். இரண்டு அளவுக்கு நடுவில் இருப்பவர்கள் பெரியதை எடுப்பது நல்லது. வீட்டுக்குள் போட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். அதற்குக் கட்டணம் இல்லை.
>
> விட்ட இடத்திலிருந்து தொடர: (இணைப்பு). சந்தேகம் இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள்.
>
> இந்தக் கார்ட் பற்றி இன்னும் ஒரே ஒரு மெயில் வரும். அதுவும் வேண்டாமென்றால்: (இணைப்பு).

சும்மாபார்க்கிறேன் · மார்ச் 9, இரவு 9:00

இப்படி வந்தால் நான் ஸ்பேம் அழுத்தமாட்டேன். வாங்குவேனா என்பது வேறு விஷயம். டெலிவரியோடு மொத்தம் எவ்வளவு என்று ஏன் இல்லை? நான் அதற்குத்தானே செக்-அவுட் வரை வந்தேன்.

லேஸ்கட்டு · மார்ச் 9, இரவு 9:12

முகவரி போட்டவருக்குச் சேர்க்கலாம். போடாதவருக்கு எங்களுக்கே தெரியாது.

பழையகணக்கு · மார்ச் 10, காலை 7:15

"இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள்" என்று எழுதிவிட்டு no-reply முகவரியிலிருந்து அனுப்பாதீர்கள். சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்.

நட்போல்ட் · மார்ச் 10, காலை 11:20

நான் இப்படிப்பட்ட மெயில் அனுப்பும் அமைப்புகளைக் கட்டுகிறவன். அந்த "வேண்டாமென்றால்" இணைப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. அலுவலக மெயில்களில் பாதுகாப்பு மென்பொருள், ஆள் பார்ப்பதற்கு முன்பே எல்லா இணைப்பையும் ஒருமுறை திறந்து சோதிக்கும். திறந்த உடனே நிறுத்திவிடும் இணைப்பாக இருந்தால், அவர் கேட்காமலே நின்றுவிடும். "கார்ட்டைக் காலி செய்" என்று ஒரு இணைப்பு வைத்தால் கார்ட்டே போய்விடும். இணைப்பு ஒரு பக்கத்தைத் திறக்கட்டும், அங்கே ஒரு பொத்தான் இருக்கட்டும்.

மெயிலின் ஹெடரில் தனியாக இந்த இரண்டு வரியும் இருக்க வேண்டும். ஜிமெயில் மேலே காட்டும் நிறுத்தும் பொத்தான் இதை வைத்துத்தான் வேலை செய்கிறது:

```
List-Unsubscribe: <https://example.com/u/abc123>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

அதை அழுத்தினால் மெயில் சேவையே உங்கள் சர்வருக்கு ஒரு POST அனுப்பும். அதற்குப் பதிலாக லாகின் பக்கத்தைக் காட்டாதீர்கள்; அங்கே ஆள் யாரும் இல்லை, நிரப்ப முடியாது. மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் DKIM கையொப்பம் இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, "விட்ட இடத்திலிருந்து தொடர" இணைப்பு. மெயிலை இன்னொருவருக்கு அனுப்பி "இது எப்படி இருக்கு" என்று கேட்பது சகஜம். அவர் அழுத்தினால் ஷூவும் அளவும் மட்டும் தெரியட்டும். முகவரியும் போன் எண்ணும் நிரப்பிய பக்கம் திறந்தால் வம்பு.

வளர்ச்சிவேந்தன் · மார்ச் 10, மதியம் 12:40

சரி, மூன்றாவது மெயிலே வேண்டாம் என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டீர்கள். தள்ளுபடி இல்லாமல் இரண்டோடு நிறுத்தினால் கிடைக்க வேண்டிய விற்பனை போகும். அதையும் யாராவது கணக்குப் போடுங்களேன்.

தபால்பெட்டி · மார்ச் 10, மாலை 5:05

மூன்றாவதுக்கு நான் எதிரி இல்லை. சொல்ல ஏதாவது புதிதாக இருந்தால் அனுப்பட்டும்: அந்த அளவு தீர்ந்து மறுபடி வந்தது, விலை உண்மையாகவே குறைந்தது. ஒன்றும் மாறாதபோது மூன்றாவது முறை கதவைத் தட்டுவதுதான் வேண்டாம். லேஸ்கட்டு "ஒரே ஒரு மெயில்" என்று வாக்குக் கொடுத்துவிட்டதால், மூன்றாவதை வாங்குகிறவரே கேட்டுப் பெறட்டும். இரண்டாவது மெயிலில் "விலை குறைந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு பொத்தான்.

தள்ளுபடியில் எனக்கு இருக்கும் கவலை வேறு. ஒருமுறை காத்திருந்து 10% வாங்கியவர் அடுத்த முறையும் காத்திருப்பார். அதைப் பார்க்க வழி இருக்கிறது: தள்ளுபடி வாங்கியவர்களின் அடுத்த ஆர்டரில் எத்தனை பேர் மறுபடி கார்ட்டை விட்டுவிட்டுக் கூப்பனோடு வந்தார்கள் என்று பாருங்கள். கூடிக்கொண்டே போனால் நீங்கள்தான் பழக்கியிருக்கிறீர்கள்.

வளர்ச்சிவேந்தன் · மார்ச் 10, மாலை 5:30

பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஒத்துக்கொண்டதாக எழுதிவிடாதீர்கள். :)

லேஸ்கட்டு · மார்ச் 28, காலை 9:20

இரண்டு மெயில் ஓடுகிறது. வாலைப் பற்றி இன்னும் சொல்ல முடியவில்லை, ஒதுக்கிய கூட்டம் சின்னது. ஸ்பேம் புகார் குறைந்திருக்கிறது. பதில்கள் வருகின்றன, பெரும்பாலும் அளவைப் பற்றி. "அகலப் பாதத்துக்கு ஒத்துவருமா" என்றே பலர் கேட்டதால் அதைப் பொருள் பக்கத்திலேயே எழுதிவிட்டோம்.

ஒரு விஷயம் இங்கே யாரும் சொல்லாதது. வங்கிப் பரிமாற்றத்தில் கட்டியவர்களின் பணம் வந்து சேர ஒரு நாள் ஆகிறது. அதுவரை எங்கள் அமைப்பில் அது ஆர்டர் ஆகாது, கைவிட்ட கார்ட்தான். அவர்களுக்கு "அப்படியே இருக்கிறது" என்று மெயில் போயிருக்கிறது. ஒருவர் பயந்துபோய் இரண்டாவது முறையும் கட்டிவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். இப்போது "கட்டணம் நிலுவையில்" என்ற நிலைக்கு வந்தவுடனே தொடரிலிருந்து வெளியேறும்படி வைத்திருக்கிறோம்.

கூட்டாளி ஐந்தாவது மெயிலை இன்னும் விடவில்லை. ஒதுக்கிய கூட்டத்தில் ஆறு மாதம் சேர்ந்த பிறகு பேசலாம் என்று ஒப்பந்தம்.

நட்போல்ட் · மார்ச் 28, காலை 10:05

நிலுவையில் இருந்த கட்டணம் கடைசியில் தோற்றுப்போனால்? வெளியேறியவர் மறுபடி உள்ளே வரமாட்டார், 14 நாள் தடையும் இருக்கிறது. அவருக்குக் கட்டணம் தோற்ற மெயில் தனி வழியில் போகிறதா பாருங்கள்.

லேஸ்கட்டு · மார்ச் 28, காலை 10:11

போகவில்லை. பார்க்கிறேன்.